ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் மட்டும் போதுமா? ஹெல்மெட், அயர்ன் பாக்ஸ், பொம்மை வாங்கும்போது பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

அந்த ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது. முத்திரை போலியும் இல்லை. தயாரித்த நிறுவனத்துக்கு முறையான உரிமம் இருக்கிறது. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டினால் தலைக்குப் பாதுகாப்பு இல்லை. இது எப்படி?

விடை அந்த முத்திரையின் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஐஎஸ்ஐ என்ற எழுத்துகளுக்கு மேல் பொடி எழுத்தில் `IS 2925` என்று அச்சாகியிருக்கும். அது கட்டுமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் போடும் ஹெல்மெட்டுக்கான தர எண். பைக் ஹெல்மெட்டுக்கான எண் வேறு, `IS 4151`. இரண்டு ஹெல்மெட்டிலும் ஐஎஸ்ஐ என்றுதான் இருக்கும். மேலே உள்ள எண்ணைப் பார்க்காதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம்மில் பலரும் ஐஎஸ்ஐ என்பதை ‘நல்ல பொருள்’ என்பதன் சுருக்கம் போலப் புரிந்துகொள்கிறோம். கடைக்காரரும் அப்படித்தான் விற்கிறார். "ஐஎஸ்ஐ மார்க் இருக்கு சார், பயப்படாம வாங்குங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் அந்த மூன்று எழுத்துகள் தனியாக எதையும் சொல்வதில்லை. மேலே ஒரு எண்ணும் கீழே ஒரு எண்ணும் சேர்ந்தால்தான் அது முத்திரை.

மேலே ஒன்று, கீழே ஒன்று

ஐஎஸ்ஐ என்பது 1947-ல் தொடங்கப்பட்ட இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 1987-ல் அதன் இடத்துக்கு பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வந்தது. நிறுவனத்தின் பெயர் மாறினாலும் முத்திரையின் பெயர் மாறவில்லை.

முத்திரைக்கு மேலே உள்ள `IS` எண், இந்தப் பொருள் எந்தச் சோதனையில் தேறியது என்று சொல்கிறது. கீழே `CM/L-` என்று தொடங்கும் எண், அந்த முத்திரையைப் போட எந்தத் தொழிற்சாலைக்கு உரிமம் தரப்பட்டது என்று சொல்கிறது. இது பழைய உரிமங்களில் ஏழு இலக்கமாகவும், புதியவற்றில் பத்து இலக்கமாகவும் இருக்கும். கீழே எண் இல்லாமல் வெறும் ஐஎஸ்ஐ படம் மட்டும் இருந்தால், அது ஸ்டிக்கர் கடையில் அடித்த அலங்காரம். அவ்வளவுதான்.

இந்த உரிமம் சும்மா கிடைப்பதில்லை. பிஐஎஸ் அதிகாரிகள் தொழிற்சாலைக்கு நேரில் போய், அங்கே சோதனை வசதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாதிரிகளை எடுத்துச் சோதிப்பார்கள். உரிமம் தந்த பிறகும் தொழிற்சாலையிலும் கடைகளிலும் அவ்வப்போது மாதிரி எடுப்பார்கள். ஆக, `CM/L` எண்ணுக்குப் பின்னால் ஒரு முகவரி இருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார்.

கட்டட ஹெல்மெட் ஏன் பைக்குக்கு ஆகாது?

கட்டட வேலைக்கான ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே பட்டைகளால் பின்னிய ஒரு தொட்டில்தான் இருக்கும். மேலிருந்து செங்கல்லோ ஸ்பேனரோ விழுந்தால், ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியும் இந்தத் தொட்டிலும் அடியை வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் அது செய்யப்பட்டது.

சாலை விபத்தில் எதுவும் மேலிருந்து விழுவதில்லை. தலைதான் போய் விழுகிறது. பக்கவாட்டில், பின்மண்டையில், நெற்றியில், எங்கே வேண்டுமானாலும் அடிபடலாம். அங்கே உயிரைக் காப்பது வெளியே தெரியும் பளபளப்பான ஓடு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மாகோல். தலை தரையில் மோதும் அந்த நொடியில் தெர்மாகோல் நசுங்குகிறது. நசுங்க நசுங்க, தலை சட்டென்று நிற்காமல் சில மில்லி நொடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டு நிற்கிறது. மூளைக்குப் போகும் அதிர்ச்சி அந்த அளவுக்குக் குறைகிறது.

`IS 4151` சோதனையில் ஹெல்மெட்டைச் சூடாக்கியும், குளிர வைத்தும், தண்ணீரில் நனைத்தும் பிறகு மோத விட்டுப் பார்க்கிறார்கள். கூர்மையான பொருள் ஊடுருவுகிறதா, கழுத்துப் பட்டை இழுவையைத் தாங்குகிறதா, பக்கவாட்டுப் பார்வை மறைகிறதா என்பதும் இதில் அடக்கம்.

இதிலிருந்தே கடையில் செய்யக்கூடிய ஒரு சின்னச் சோதனை கிடைக்கிறது. ஹெல்மெட்டின் உள் துணியை லேசாக விலக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். துணிக்குப் பின்னால் இறுக்கமான, அழுத்தினால் எளிதில் குழியாத தெர்மாகோல் இருக்க வேண்டும். மெத்தை போல அமுங்கும் ஸ்பாஞ்ச் மட்டுமே இருந்தால், அது ஹெல்மெட் வடிவில் உள்ள தொப்பி. சாலையோரத்தில் கயிற்றில் தொங்கும் மலிவு ரகங்கள் பலவற்றின் கதை இதுதான்.

நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஒரு முறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் தன் வேலையை முடித்துவிட்டது. செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட்டை வாங்கக் கூடாது என்பது இதனால்தான். அது முன்பு எங்கே விழுந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

சட்டமும் இதே எண்ணைத்தான் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, நிர்ணயிக்கப்பட்ட தரத்துக்கு உட்பட்ட ஹெல்மெட்டை அணிய வேண்டும் என்கிறது. தரமில்லாத ஹெல்மெட் சட்டப்படி ஹெல்மெட்டே அல்ல. 194டி பிரிவின் கீழ் 1,000 ரூபாய் அபராதத்தோடு, ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்தவும் வழியிருக்கிறது. 2021 ஜூன் முதல், ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும்கூடக் குற்றம்.

மொபைலில் இரண்டு நிமிட வேலை

சரி, எண் இருக்கிறது. அது உண்மையான எண்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தங்க நகை வாங்கும்போது HUID எண்ணைச் சரிபார்க்க `BIS Care` என்ற செயலியைப் பலரும் பயன்படுத்தியிருப்பார்கள். அதே செயலியில் `Verify Licence Details` என்று இன்னொரு பகுதி இருக்கிறது. இரண்டு கிராம் கம்மலுக்கு எழுத்தெழுத்தாகப் பார்ப்பவர்கள், தலையில் போடும் பொருளுக்கு அந்தப் பக்கமே போவதில்லை என்பதுதான் விசித்திரம்.

ஒருவர் கடையில் 600 ரூபாய் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்க முத்திரையில் `IS 4151` இருக்கிறது. கீழே உள்ள `CM/L` எண்ணைச் செயலியில் தட்டுகிறார். இனி என்ன நடக்கலாம்?

எண்ணே பதிவில் இல்லை என்று வந்தால் கேள்வியே இல்லை, ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எண் இருந்தால் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கான உரிமம், அது இப்போது செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் திரையில் வரும். பலரும் இந்த இடத்தில் பச்சைக்கொடி பார்த்ததுபோல நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

போலி தயாரிப்பவர் புதிதாக ஓர் எண்ணைக் கற்பனை செய்யத் தேவையில்லை. வேறொரு நிறுவனத்தின் உண்மையான எண்ணைக் காப்பி அடித்தால் போதும். அந்த எண்ணைத் தட்டினால் செயலி ‘உரிமம் இருக்கிறது’ என்றுதான் சொல்லும். அதனால் திரையில் வரும் விவரத்தையும் கையில் உள்ள பொருளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். திரையில் வரும் `IS` எண் 4151 தானா? சில நேரம் அந்த உரிமம் தண்ணீர் பாட்டிலுக்கோ சிமென்ட்டுக்கோ கொடுக்கப்பட்டதாக இருக்கும். தயாரிப்பாளரின் பெயரும் ஊரும் ஹெல்மெட்டின் லேபிளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? பிராண்டின் பெயர் அதுதானா?

உரிமம் காலாவதி என்று வந்தால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டில் தயாரிப்புக் காலம் அச்சாகியிருக்கும். உரிமம் இருந்த காலத்தில் தயாரித்து, கடையில் தேங்கிக் கிடந்த பொருளாக இருக்கலாம். உரிமம் முடிந்த பிறகு தயாரித்தது என்றால், அந்த முத்திரைக்கு மதிப்பில்லை.

எல்லாவற்றையும் அச்சு அசலாகக் காப்பி அடித்த போலியைச் செயலியால் மட்டும் பிடிக்க முடியாது. அங்கே கட்டைவிரல் சோதனையும், பில் தருகிறாரா இல்லையா என்பதும்தான் துணை.

"ஒயர்ல மார்க் இருக்கே சார்!"

மின்சாதனங்களில் ஏமாறும் விதம் கொஞ்சம் வேறு. உள்ளூர் பிராண்ட் அயர்ன் பாக்ஸ் ஒன்றை எடுத்து, "ஐஎஸ்ஐ இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் ஒயரைத் தூக்கிக் காட்டுவார். ஒயர் நெடுக முத்திரை அச்சாகியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அங்கேயும் மேலே உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். `IS 694` என்று இருந்தால், அது பிவிசி உறை போட்ட ஒயருக்கான தரம். பிளக்கில் `IS 1293` என்று இருந்தால், அது பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் உரிய தரம். ஒயர் நல்லது, பிளக் நல்லது. அயர்ன் பாக்ஸைப் பற்றி இரண்டும் எதுவும் சொல்லவில்லை. அயர்ன் பாக்ஸுக்கான எண் `IS 302` வரிசையில், இரண்டாம் பாகம், மூன்றாம் பிரிவு. இது அயர்ன் பாக்ஸின் உடலிலோ அதில் ஒட்டிய விவரத் தகட்டிலோ இருக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், ஷாக் அடிப்பது பெரும்பாலும் ஒயரின் தரத்தால் அல்ல, உள்ளே நடக்கும் கோளாறால். ஹீட்டிங் காயிலின் காப்பு உடைந்து, கரண்ட் வெளி உலோகத்துக்கு வந்துவிட்டால், எர்த் இணைப்புதான் அதைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். சாதனத்துக்கான சோதனையில் எர்த் சரியாக இணைந்திருக்கிறதா, கசியும் மின்சாரம் எவ்வளவு, காப்பு உயர் மின்னழுத்தத்தைத் தாங்குகிறதா, தெர்மோஸ்டாட் பழுதானால் எவ்வளவு சூடாகிறது என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஒயர் சோதனையில் இதெல்லாம் வராது. உலோக உடல் கொண்ட அயர்ன் பாக்ஸில் இரண்டு பின் பிளக் இருந்தால், எர்த் இல்லை என்பதற்கு அதுவே எச்சரிக்கை. முத்திரையைத் தேடுவதற்கு முன்பே அதை வைத்துவிடலாம்.

இன்னொரு குழப்பம் நட்சத்திர லேபிள். ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஒட்டியிருக்கும் ஐந்து நட்சத்திரம் கரண்ட் பில்லைப் பற்றியது. எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லும், ஷாக் அடிக்குமா என்று சொல்லாது. அதேபோல `CE` என்ற எழுத்துகள் ஐரோப்பியச் சந்தைக்கானவை. பல பொருட்களுக்கு அதைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் ஐஎஸ்ஐக்குப் பதிலாக அது செல்லாது.

சார்ஜரில் ஐஎஸ்ஐ தேடாதீர்கள்

மொபைல் சார்ஜர், பவர் பேங்க், எல்இடி பல்பு போன்றவற்றில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடினால் கிடைக்காது. கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இவை 2012-ல் கொண்டுவரப்பட்ட கட்டாயப் பதிவு முறையில் வருகின்றன. இவற்றின் முத்திரையில் மேலே `IS` எண்ணும், கீழே `R-` என்று தொடங்கி எட்டு இலக்கங்களும் இருக்கும். எல்இடி பல்பு என்றால் மேலே `IS 16102` என்று பார்க்கலாம்.

ஐஎஸ்ஐ உரிமத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே தயாரிப்பாளர், பிஐஎஸ் அங்கீகரித்த ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்து, அறிக்கையோடு ‘என் பொருள் தரத்துக்கு உட்பட்டது’ என்று தானே உறுதிமொழி தந்து பதிவு பெறுகிறார். உரிமம் தரும் முன் தொழிற்சாலையை நேரில் பார்ப்பது இந்த முறையில் கட்டாயமில்லை. அதாவது `R-` எண், ஐஎஸ்ஐயை விட ஒரு படி இளகிய உத்தரவாதம். ஆனால் அதுகூட இல்லாத 99 ரூபாய் சார்ஜரைத் தலைமாட்டில் போட்டுவிட்டுத் தூங்குவது வேறு கதை. `BIS Care` செயலியில் இந்த எண்ணுக்கென்று `Verify R-number under CRS` என்ற தனிப் பகுதி உண்டு. தயாரிப்பாளரையும் பொருள் வகையையும் முன்பு சொன்னதுபோலவே ஒப்பிட வேண்டும்.

பாடும் பொம்மைக்கு வேறு எண்

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளை ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. இறக்குமதியான பொம்மைக்கும் இதே விதிதான், வெளிநாட்டுத் தொழிற்சாலையே உரிமம் வாங்க வேண்டும்.

பொம்மைக்கு இரண்டு எண்கள். கரண்ட், பேட்டரி எதுவும் இல்லாத பொம்மைக்கு `IS 9873`. பாடுவது, மின்னுவது, ஓடுவது என பேட்டரியில் இயங்கும் பொம்மைக்கு `IS 15644`. பாட்டுப் பாடும் கரடிப் பொம்மையில் `IS 9873` மட்டும் இருந்தால், ஹெல்மெட் கதைதான் இங்கேயும்: முத்திரை உண்டு, பொருளுக்குப் பொருத்தமில்லை.

பொம்மைச் சோதனையில் முக்கியமான ஒன்று ரொம்ப எளிமையானது. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளை. கீழ்ப்பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும், சின்னக் குழந்தையின் தொண்டை அளவுக்கு ஒரு மாதிரி. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மையை இழுத்து, முறுக்கி, கீழே போட்டுப் பார்ப்பார்கள். அதிலிருந்து பிரிந்து வரும் எந்தத் துண்டும் இந்த உருளைக்குள் முழுதாக அடங்கக் கூடாது. வீட்டில் இதைத் தோராயமாகச் செய்துபார்க்க, டிஷ்யூ ரோலின் நடுவே இருக்கும் அட்டைக் குழாய் போதும். அது சோதனை உருளையைவிட அகலம் என்பதால் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கிறோம் என்று அர்த்தம். பொம்மையின் கண், சக்கரம், பொத்தான் எது கழன்று அதற்குள் விழுந்தாலும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

பேட்டரி பொம்மையில் பார்க்க வேண்டியது பேட்டரி மூடியை. நாணயம் போல இருக்கும் பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால், உணவுக் குழாயில் சிக்கிய இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம். அதனால் மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்க வேண்டும், நகத்தால் நெம்பினால் திறக்கக் கூடாது. விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

முத்திரையைப் பொம்மையின் மேல் போட முடியாவிட்டால் பெட்டியில் போடலாம். திருவிழாக் கடையிலும் ரயில் பெட்டியிலும் பெட்டியைப் பிரித்து உதிரியாக விற்கும் பொம்மையைச் சரிபார்க்க வழியே இல்லாமல் போவது இதனால்தான்.

அப்போ தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில் ஐஎஸ்ஐ இல்லையே, அது சட்டவிரோதமா? இல்லை. கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை உரிமை பெற்றவர்கள் செய்து விற்பதற்கும் விதிவிலக்கு தரப்பட்டிருக்கிறது. தஞ்சாவூர் பொம்மைக்கும் கர்நாடகத்தின் சென்னபட்ணா மரப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. விதிவிலக்கு என்றால் உரிமம் தேவையில்லை என்றுதான் பொருள். சோதனையில் தேறியது என்று பொருளல்ல. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால், என்ன வண்ணம் பூசியது என்று விற்பவரிடம் கேட்டுவிடலாம்.

ஆன்லைனில் வாங்கினால்?

பொருள் விவரத்தில் ‘பிஐஎஸ் சான்று பெற்றது’ என்று எழுதியிருப்பது போதாது, அது விற்பவர் டைப் செய்த வாக்கியம். முத்திரையும் கீழே உள்ள எண்ணும் தெரியும் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பார்சல் வந்ததும் முதல் வேலையாக எண்ணைச் சரிபார்த்து, ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் திருப்பி அனுப்பலாம். பெரிய தளம் என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் முன்னணி ஆன்லைன் விற்பனை நிறுவனங்களின் கிடங்குகளில் பிஐஎஸ் சோதனை நடத்தியபோது, முத்திரை இல்லாத பொம்மைகள், மின்விசிறிகள், தண்ணீர் பாட்டில்கள் எனப் பல பொருட்கள் பறிமுதலாயின.

போலி முத்திரையோ, முத்திரை இருந்தும் தரமில்லாத பொருளோ கையில் சிக்கினால், அதே `BIS Care` செயலியில் `Complaints` பகுதியில் புகார் தரலாம். சென்னையில் தரமணி சிஐடி வளாகத்தில் உள்ள பிஐஎஸ் அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். புகாரோடு முத்திரை தெளிவாகத் தெரியும் படம், பில், கடையின் முகவரி அல்லது ஆர்டர் விவரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். பொருளையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சோதனைக்கு அதைக் கேட்கலாம்.